வேற்று மொழியில் வரும் ஒத்திசைவு முரண்பாட்டுப் பெட்டி: குறிப்பை இழக்காமல் பதிலளிப்பது எப்படி?

ஒரே குறிப்பைக் கைபேசியிலும் மடிக்கணினியிலும் திருத்துகிறவர்களுக்கு என்றாவது ஒருநாள் அந்தப் பெட்டி திரையின் நடுவே வந்து நிற்கும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா, ஒன்றின் மீது மற்றொன்றை எழுதலாமா, இரண்டையும் இணைத்துவிடலாமா என்று அது கேட்கும். செயலி நமக்குத் தெரியாத மொழியில் அமைந்திருந்தால், கேள்வியே புரியாத நிலையில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தவேண்டிய கட்டாயத்தில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை; பெட்டி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். ஜெர்மன் மொழியில் அமைந்த ஒரு குறிப்புச் செயலியை எடுத்துக்கொண்டு, அந்தப் பெட்டிக்குப் பதில் சொல்லும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முரண்பாடு ஏன் வருகிறது?

பயணத்துக்கான குறிப்பு ஒன்று இரு கருவிகளிலும் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

```
பேருந்து காலை 6:30
விடுதி முன்பதிவு எண்
சார்ஜர்
குடை
அடையாள அட்டை
```

கைபேசியில் பேருந்து நேரத்தை 7:15 என்று மாற்றி, கடைசியில் "மருந்து" என்ற வரியைச் சேர்த்தீர்கள். அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மடிக்கணினியோ அப்போது இணையத்தில் இல்லை. அதில் நேரத்தை 6:45 என்று மாற்றியிருந்தீர்கள். சார்ஜரைப் பையில் வைத்தாயிற்று என்பதால் அந்த வரியையும் நீக்கியிருந்தீர்கள். மடிக்கணினி இணையத்துடன் சேரும்போது, தன்னிடம் உள்ளதும் சர்வரில் உள்ளதும் கடைசியாக ஒத்திசைந்த வடிவத்திலிருந்து தனித்தனியே மாறியிருப்பதைச் செயலி காண்கிறது. எது சரி என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் உங்களைக் கேட்கிறது.

முதல் படி: எதையும் அழுத்தாமல் இரு வடிவங்களையும் காப்பாற்றுங்கள்

பெட்டி தோன்றியதும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு பொத்தான் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். தட்டச்சு செய்துகொண்டிருந்த வேகத்தில் Enter விசையைத் தட்டினால் அந்தப் பொத்தானை அழுத்தியதாகவே ஆகிவிடும். பிறகு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மற்றக் கருவியை, அதாவது நம் எடுத்துக்காட்டில் கைபேசியை, விமானப் பயன்முறையில் போடுங்கள். பலர் தவறவிடும் படி இதுதான். மடிக்கணினியில் தவறான பொத்தானை அழுத்தினால் சர்வரில் உள்ள குறிப்பு மாறும். இணையத்தில் இருக்கும் கைபேசி சில நொடிகளில் அந்த மாற்றத்தைத் தானும் இறக்கிக்கொள்ளும். கைபேசி இணைப்பில் இல்லாவிட்டால் அதில் உள்ள வடிவம் தொடப்படாமல் இருக்கும். அந்த நிலையிலேயே குறிப்பைத் திறந்து, முழு உரையையும் நகலெடுத்து, ஒத்திசைவோடு தொடர்பில்லாத வேறோர் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

இரண்டாம் படி: எந்த வடிவம் எது என்று உள்ளடக்கத்தைக் கொண்டு கண்டறியுங்கள்

பொத்தான்களைப் படிப்பதற்கு முன் பெட்டியில் காட்டப்படும் உரையைப் பாருங்கள். செயலியின் மொழி ஜெர்மனாக இருந்தாலும் குறிப்பின் மொழி நீங்கள் எழுதியதுதான். "மருந்து" என்ற வரி எந்தப் பக்கத்தில் உள்ளதோ அது கைபேசியின் வடிவம். 6:45 என்று இருப்பது மடிக்கணினியின் வடிவம். இந்த அடையாளத்தை எந்த மொழியாலும் மறைக்க முடியாது என்பதால், தலைப்புகளைவிட இதையே நம்புங்கள்.

அதன்பின் தலைப்புகளோடு ஒப்பிடுங்கள். Lokal என்பது நீங்கள் அமர்ந்திருக்கும் கருவியையும் Server என்பது ஏற்கெனவே மேலே போய்ச் சேர்ந்ததையும் குறிக்கும். தேதியும் நேரமும் காட்டப்பட்டால், ஜெர்மன் முறையில் நாளே முதலில் வரும், 03.04.2025 என்பது ஏப்ரல் 3-ஐக் குறிக்கும், மார்ச் 4-ஐ அல்ல. நேரம் பிந்தியதாக இருப்பதாலேயே ஒரு வடிவம் முழுமையானதாகிவிடாது. ஒரே ஓர் எழுத்தைக் கடைசியாக மாற்றிய கருவியும் "புதிய" வடிவத்துக்கு உரிமை கோரும்.

மூன்றாம் படி: பொத்தான்களைப் படியுங்கள்

இடத்தையோ நிறத்தையோ வைத்து ஊகிக்கவேண்டாம். சிவப்பு நிறம் அழிக்கும் செயலுக்கு உரியது என்பது வழக்கமே தவிர விதி அல்ல. இடமும் அப்படித்தான்: அரபு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளில் பொத்தான்களின் வரிசையே திரும்பியிருக்கும். எழுத்துகளைத்தான் பார்க்கவேண்டும். ஜெர்மனில் பெரும்பாலும் இந்தச் சொற்களோ இவற்றின் நெருங்கிய வடிவங்களோ வரும்:

- Beide behalten: இரண்டையும் வைத்துக்கொள்
- Überschreiben: மேலெழுது
- Zusammenführen: இணை
- Abbrechen: கைவிடு

வேறு மொழியாக இருந்தால், விமானப் பயன்முறையில் இல்லாத வேறொரு கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் பெட்டியைக் கேமரா வழியே காட்டிப் பொருளைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் மேலெழுதும் பொத்தானில் மொழிபெயர்ப்பு பாதி வழிதான் கொண்டுசேர்க்கும். எது எதன் மீது எழுதப்படும் என்பது அந்த ஒற்றைச் சொல்லில் இல்லை. மடிக்கணினியின் வடிவம் சர்வருக்குப் போகிறதா, சர்வரின் வடிவம் மடிக்கணினிக்கு இறங்குகிறதா என்பது செயலிக்குச் செயலி மாறும். முதல் வழியானால் நம் எடுத்துக்காட்டில் 7:15 என்ற நேரமும் மருந்தும் போய்விடும். இரண்டாம் வழியானால் 6:45 போய், நீக்கிய சார்ஜர் திரும்பி வரும். திசையைப் பொத்தானிலேயே எழுதாத செயலிகள் பயனர்களுக்குத் தீங்கு செய்கின்றன என்றே நான் கருதுகிறேன். திசை உறுதியாகத் தெரியாதவரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். ஒரு பக்கத்தில் உள்ள மாற்றம் தவறுதலாகப் பட்ட விசை மட்டுமே என்று கண்ணால் பார்த்து உறுதி செய்திருந்தால், அப்போது அது பொருத்தமான தேர்வாகலாம்.

Abbrechen பெரும்பாலும் முடிவைத் தள்ளிப்போடும். அடுத்த ஒத்திசைவில் பெட்டி மீண்டும் வரும். இதை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். அதை அழுத்திவிட்டு, மடிக்கணினியில் உள்ள உரையையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பின், பற்சக்கரப் படம் உள்ள Einstellungen பகுதிக்குப் போய், Sprache என்ற இடத்தில் உங்களுக்குத் தெரிந்த மொழியைத் தேர்ந்தெடுங்கள். சில செயலிகள் மூடித் திறந்த பிறகே மொழியை மாற்றிக்கொள்ளும். பெட்டி கைபேசியில் வந்திருந்தால், ஆண்ட்ராய்டு 13 முதலும் ஐஓஎஸ் 13 முதலும் ஒரு செயலிக்கு மட்டும் தனி மொழியைக் கருவியின் அமைப்புகளில் தேர்ந்தெடுக்க முடியும்; செயலி அதற்கு இடம் கொடுத்திருக்கவேண்டும், அவ்வளவே. பெட்டி மறுமுறை வரும்போது புரியும் மொழியில் வரும்.

நான்காம் படி: இரண்டையும் வைத்துக்கொண்டு, கையால் இணையுங்கள்

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது Beide behalten ஒன்றைத்தான். ஜாப்லின் போன்ற செயலி இதைக் கேட்காமலே செய்கிறது: கருவியில் இருந்த வடிவத்தை முரண்பாடுகளுக்கான தனிக் குறிப்பேட்டில் போட்டுவிட்டு, சர்வரின் வடிவத்தை அசல் இடத்தில் வைக்கிறது. கேட்கும் செயலிகளில் இந்தப் பொத்தானை அழுத்தினால், Kopie அல்லது Konflikt போன்ற சொல் ஒட்டிய பெயரோடு இரண்டாம் குறிப்பு உருவாகும். அது வேறு குறிப்பேட்டுக்குப் போய்க் கண்ணில் படாமல் இருந்தால், தேடல் பெட்டியில் "அடையாள அட்டை" போன்ற உங்கள் சொந்த வரியைத் தேடுங்கள். இரண்டு குறிப்புகளும் வந்து நிற்கும்.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்து வரிவரியாகப் பாருங்கள். இரண்டிலும் உள்ள வரிகள் சிக்கல் தராதவை. பேருந்து நேரம் போல் இரண்டிலும் வேறுபடும் வரியை மூல ஆதாரத்தோடு, இங்கே பயணச்சீட்டோடு, ஒப்பிட்டு முடிவு செய்யவேண்டும். கடினமானவை ஒன்றில் மட்டும் இருக்கும் வரிகள். கைபேசி வடிவத்தில் மட்டும் "மருந்து", "சார்ஜர்" ஆகிய இரண்டு வரிகள் உள்ளன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும், முன்னது கைபேசியில் புதிதாகச் சேர்த்தது, பின்னது மடிக்கணினியில் வேண்டுமென்றே நீக்கியது. அங்கே சேர்த்ததா, இங்கே நீக்கியதா என்று ஒவ்வொரு வரியையும் கேளுங்கள். நினைவு கைகொடுக்காவிட்டால், முரண்பாட்டுக்கு முந்தைய வடிவத்தைப் பழைய பதிப்புகளின் பட்டியலில் பாருங்கள். ஜெர்மனில் அது Versionsverlauf என்றோ அதையொத்த பெயரிலோ இருக்கும்.

தானாக இணைக்கும் Zusammenführen பொத்தானும் இதே இடத்தில்தான் தடுமாறும். முந்தைய பொது வடிவத்தைச் சேமித்து வைத்திருக்கும் செயலி, சார்ஜர் நீக்கப்பட்டது என்பதைச் சரியாகக் கண்டுகொள்ளும். அந்த வடிவம் இல்லாமல் இரண்டை மட்டும் ஒப்பிடும் செயலி, சார்ஜரைப் புதிய வரி என்று எண்ணித் திரும்பச் சேர்த்துவிடும். இருபுறமும் மாறிய பேருந்து நேரத்தையோ இரண்டு வகைச் செயலிகளாலும் தீர்க்க முடியாது. சில செயலிகள் இப்படிக் குறியிட்டு விட்டுவிடும்:

```
<<<<<<<
பேருந்து காலை 6:45
=======
பேருந்து காலை 7:15
>>>>>>>
```

இக்குறிகள் தெரிந்தால் குறிப்பு கெட்டுவிட்டது என்று அஞ்சவேண்டாம். வேண்டாத நேரத்தையும் குறிகள் உள்ள மூன்று வரிகளையும் நீக்கினால் போதும். குறியிடாமல் இரு நேரங்களையும் அடுத்தடுத்து வைக்கும் செயலியும், ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கும் செயலியும் உண்டு. கடைசியாகச் சொன்னதே ஆபத்தானது, ஏனெனில் இழப்பு நடந்ததற்கான தடயம் எதுவும் குறிப்பில் இருக்காது. எனவே இணைத்த பின் முழுக் குறிப்பையும் ஒருமுறை படியுங்கள்.

ஐந்தாம் படி: நகலை நீக்குவது

சரிசெய்த உரையை அசல் குறிப்பிலேயே எழுதுங்கள், நகலில் வேண்டாம். பிற குறிப்புகளிலிருந்து இதற்குக் கொடுத்த இணைப்புகள் அசலையே சுட்டும். இணைத்த படங்களும் கோப்புகளும் நகலில் மட்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு கைபேசியை விமானப் பயன்முறையிலிருந்து விடுவித்து ஒத்திசைய விடுங்கள். அங்கும் திருத்திய வடிவம் வந்து சேர்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகே நகலை Papierkorb, அதாவது குப்பைத்தொட்டிக்கு அனுப்புங்கள்.

தவறான பொத்தானை அழுத்தியாகிவிட்டதா?

முதலில் மற்றக் கருவியின் இணைப்பைத் துண்டியுங்கள். செயலியைத் திறந்து பார்த்துவிட்டுத் துண்டிக்கலாம் என்று எண்ணவேண்டாம், திறக்கும்போதே பல செயலிகள் ஒத்திசைக்கத் தொடங்கிவிடும். விமானப் பயன்முறைக்கு மாற்றிய பிறகு திறந்தால் பழைய வடிவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை உடனே வெளியே நகலெடுங்கள். அங்கும் மாறிவிட்டிருந்தால் அடுத்த இடம் Versionsverlauf. அதில் பழைய பதிப்பைத் திறந்து, Wiederherstellen என்ற மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்துவதற்குமுன் இப்போதைய உரையை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மீட்டெடுப்பதும் இப்போதுள்ள உரையின் மீது மேலெழுதும் ஒரு செயல்தான்.