போன ஞாயிறு ஏறிய கடல் இந்த ஞாயிறு ஏன் வற்றிக் கிடந்தது? – ஓத அட்டவணை படிக்கும் முறை

கிருஷ்ணகிரியில் தூண்டில் பிடித்துப் பழகியவர்களுக்குக் கடிகாரம் அவ்வளவாகத் தேவைப்படாது. கே.ஆர்.பி. அணையில் மதகு திறந்தால் தண்ணீர் இறங்கும், மழை பெய்தால் ஏறும். விடிகாலையும் பொழுது சாயும் நேரமும் போதும். அதே பழக்கத்தில்தான் நானும் முதன்முதலாகக் கடலூர் பக்கம் தாழங்குடாவுக்குப் போனேன். நம் அணையைத் தாண்டி, சாத்தனூரைத் தாண்டி ஓடும் தென்பெண்ணை கடலில் சேரும் முகத்துவாரம் அது.

முதல் ஞாயிறு அருமையாக அமைந்தது. காலை ஒன்பது மணிவரை தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, இரண்டு கொடுவா விழுந்தன. அடுத்த ஞாயிறும் அதே நேரத்துக்குப் போய் நின்றேன். ஆறு மணிக்குத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. எட்டரைக்கு முகத்துவாரத்தின் மணல்திட்டு முதுகைக் காட்டிவிட்டது. வலை சீர்செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், "போன வார நேரத்த வச்சிக்கிட்டு வந்துட்டீங்களா தம்பி? இன்னிக்கு மத்தியானம்தான் ஏத்தம்" என்றார். ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவனுக்கு அந்த ஒரு வாக்கியத்தில்தான் பாடம் தொடங்கியது.

கடல்மட்டம் முறையாக ஏறி இறங்குவதைப் பாடப்புத்தகம் ஓதம் என்கிறது. மட்டம் உச்சிக்கு வருவது உயர் ஓதம், அடிக்குப் போவது தாழ் ஓதம். கரையில் ஏத்தம், வத்தம் என்பார்கள்.

முதலில்: ஏன் தினமும் தள்ளிப்போகிறது?

இது புரியாமல் அட்டவணையைப் பார்த்தால் வெறும் எண்களாகத்தான் தெரியும். அதனால் இதை முதலில் முடித்துவிடுவோம்.

ஒரு கோயில் பிரகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் முப்பது தூண்கள். நீங்களும் உங்கள் பாட்டியும் கொடிமரத்தருகே ஒன்றாகக் கிளம்பி ஒரே திசையில் சுற்றுகிறீர்கள். நீங்கள் வேகம், பாட்டி மிக மெதுவு. நீங்கள் ஒரு முழுச் சுற்று முடித்துக் கொடிமரத்துக்கு வரும்போது பாட்டி அங்கே இல்லை, ஒரு தூண் முன்னால் போயிருக்கிறார். அவரை எட்டிப்பிடிக்க நீங்கள் இன்னும் ஒரு தூணுக்குக் கொஞ்சம் அதிகமாக நடக்க வேண்டும். ஏனென்றால் அந்த ஒரு தூண் தூரத்தை நீங்கள் கடக்கிற நேரத்தில் அவரும் சற்று நகர்ந்துவிடுகிறார்.

நீங்கள்தான் பூமியில் கடற்கரை இருக்கும் இடம். கொடிமரம் சூரியன். பாட்டி நிலா. கரை ஒரு சுற்றுச் சுற்றிச் சூரியனுக்கு நேராக மீண்டும் வர 24 மணி நேரம். அதற்குள் நிலா தன் பாதையில், பூமி சுழலும் அதே திசையில், சுமார் 12 பாகை நகர்ந்துவிடுகிறது. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகும். பன்னிரண்டை நான்கால் பெருக்கினால் 48. நிலாவின் அந்தச் சின்ன நகர்வையும் சேர்த்தால் ஏறக்குறைய 50 நிமிடம். அதாவது நிலாவை வைத்துப் பார்த்தால் ஒரு நாள் என்பது 24 மணி 50 நிமிடம்.

இந்தப் பன்னிரண்டு பாகை நமக்குப் புதிதல்ல. சூரியனை விட்டு நிலா பன்னிரண்டு பாகை விலகுவதைத்தான் நம் பஞ்சாங்கம் ஒரு திதி என்கிறது. அமாவாசைக்கு அமாவாசை முப்பது திதி, பிரகாரத்தின் முப்பது தூண்கள் மாதிரி. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் திதி ஒன்று மாறினால், கடலில் ஏத்தம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது என்று பொருள். கடல் பார்க்காமலே இதைச் சரிபார்க்கலாம். பௌர்ணமியன்று மாலை மொட்டைமாடியில் நின்று நிலா எப்போது எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த இரண்டு நாளும் பாருங்கள். ஒவ்வொரு நாளும் தாமதமாகத்தான் வரும்.

நிலாவின் ஈர்ப்பால் கடல் இரண்டு பக்கம் புடைக்கிறது, நிலாவை நோக்கி ஒன்று, நேர் எதிர்ப்பக்கம் ஒன்று. அதனால் நம் கிழக்குக் கடற்கரையில் ஒரு நிலா நாளுக்கு இரண்டு ஏத்தம், இரண்டு வத்தம். ஒரு ஏத்தத்திலிருந்து அடுத்த ஏத்தத்துக்கு 12 மணி 25 நிமிடம், ஏத்தத்திலிருந்து வத்தத்துக்கு ஆறேகால் மணிக்குச் சற்றுக் குறைவு.

என் தவறு இப்போது தெளிவாகும். ஒரு வாரத்தில் ஏழு ஐம்பது, 350 நிமிடம். ஏறக்குறைய ஆறு மணி நேரம். போன வார ஏத்த நேரத்தில் இந்த வாரம் வத்தம் வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு வாரம் கழித்துப் போயிருந்தால் நேரம் மறுபடி கிட்டத்தட்ட பொருந்தியிருக்கும்.

அட்டவணையைப் படிப்பது

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் தளத்திலும் முன்கணிப்பு கிடைக்கும். நீங்கள் போகும் இடத்துக்கு அருகிலுள்ள துறைமுகத்தைத் தேர்ந்தெடுங்கள். கீழே இருப்பது படிக்கும் முறை விளங்க நான் எழுதிய மாதிரி, அமாவாசையை ஒட்டிய ஒரு சனி, ஞாயிறு.

```
சனி     02:10  0.2
        08:20  1.1
        14:28  0.2
        20:38  1.0
ஞாயிறு  02:46  0.2
        08:57  1.1
        15:04  0.2
        21:15  1.0
```

முதல் எண் நேரம், 24 மணிக் கணக்கில். இரண்டாவது உயரம், மீட்டரில். பெரிய உயரம் வரும் வரிகள் ஏத்தம், சிறியவை வத்தம். புதிதாகப் பார்ப்பவர்கள் 1.1 என்றால் தண்ணீர் ஆழம் ஒரு மீட்டர்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஆழம் இல்லை. கடல்மட்டம் ஏறக்குறைய இதற்குக் கீழே போகாது என்று குறித்து வைத்த ஒரு அடிமட்டத்திலிருந்து அளந்த உயரம். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். 0.2 முதல் 1.1 வரை, 90 சென்டிமீட்டர் ஏறுகிறது.

இனி சனியின் 08:20, ஞாயிறின் 08:57 இரண்டையும் பாருங்கள். வித்தியாசம் 37 நிமிடம்தானே, ஐம்பது எங்கே என்று கேட்பீர்கள். ஐம்பது சராசரி. சூரியனும் கடலை இழுக்கிறது, நிலாவில் பாதிக்கும் குறைவான பலத்தோடு. சூரியனின் புடைப்புக்குத் தாமதம் கிடையாது, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் ஏத்தம் உயரமாகிறது. சூரியன் அதை முன்னால் இழுப்பதால் தாமதமும் 35, 40 நிமிடமாகச் சுருங்குகிறது. அஷ்டமியை ஒட்டி ஒன்றின் ஏத்தத்தில் மற்றதன் வத்தம் வந்து விழும். அப்போது ஏற்ற இறக்கம் பாதிக்கும் கீழே போகும், தாமதம் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். ஆகவே "தினம் ஐம்பது நிமிடம்" என்பது ஊரில் உட்கார்ந்து எந்த வாரம் போகலாம் என்று முடிவுசெய்ய மட்டும். கிளம்பும் நாளுக்கு அட்டவணையின் நேரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

சில நாட்களில் நான்கு வரிக்குப் பதில் மூன்று வரிதான் இருக்கும். அச்சுப்பிழை இல்லை. தள்ளிக்கொண்டே போன நேரம் நள்ளிரவைத் தாண்டி அடுத்த நாளின் கணக்கில் விழுந்துவிட்டது.

இன்னொன்று, சில செயலிகள் கிரீன்விச் நேரத்தைக் காட்டும். அப்படியானால் நம் 08:57 அங்கே 03:27 என்று இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். எந்த நேரம் என்று அட்டவணையின் தலைப்பில் பார்த்த பிறகே மற்றதைப் படியுங்கள்.

எந்த நேரத்துக்குத் தூண்டில்?

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஏறும் ஆறு மணி நேரத்தைப் பிரித்தால், மொத்த ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. ஞாயிறு 02:46க்கு ஏறத் தொடங்கினால் மூன்றாவது, நான்காவது மணிகள் சுமார் 04:50 முதல் 06:55 வரை. மொத்தத் தொண்ணூறில் பாதி, 45 சென்டிமீட்டர், இந்த இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். மடவைக் குஞ்சுகள் தண்ணீரோடு ஆற்றுக்குள் நுழையும்போது கொடுவா பின்னாலேயே வரும். விடியலும் இதோடு சேர்வதால் எனக்கு இதைவிட நல்ல நேரம் தெரியாது. ஏறி முடிந்து தண்ணீர் நிற்கும் அரைமணி பெரும்பாலும் சோர்வானது. பிறகு இறங்கத் தொடங்கும் முதல் இரண்டு மணியை விட்டுவிடாதீர்கள்.

ஆக, நாலரைக்கு அங்கே இருக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை, பண்ருட்டி வழியாக ஐந்து மணி நேரம், வழியில் டீக்கு அரைமணி. சனி இரவு பதினொரு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். தர்மபுரிக்காரர்கள் அரூர் வழியாக வந்தாலும் திருவண்ணாமலையில் இதே சாலையில் சேர்ந்துகொள்ளலாம்.

போய் இறங்கியதும்

அட்டவணை கடலுக்கானது, ஆற்றுவாய்க்கு உள்ளே ஏத்தம் சற்றுப் பிந்தி வரும். எவ்வளவு என்று அன்றைக்கு அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். ஒரு சவுக்குக் குச்சியில் விரற்கடை அளவில் கத்தியால் கோடு கீறி, அலை அடிக்காத ஓரத்தில் தண்ணீர் விளிம்பில் நட்டுவிடுங்கள். கால்மணிக்கு ஒருமுறை எத்தனையாவது கோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று குறியுங்கள். இறங்கத் தொடங்கியதும் தண்ணீருக்கு மேலே ஒரு ஈரப்பட்டை குச்சியில் தெரியும். அது தெரிந்த நேரத்துக்கும் அட்டவணை நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இடத்தின் தாமதம். அதை நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறை உதவும்.

ஒரு மணி நேரம் ஆகியும் குச்சியில் தண்ணீர் அசையவில்லையா? ஆற்றுவாயைப் போய்ப் பாருங்கள். கோடையில் மணல் அடைத்துக்கொண்டால் கடல் ஏறினாலும் உள்ளே வராது. மாறாக, ஏற வேண்டிய நேரத்தில் கலங்கலான தண்ணீர் கடலை நோக்கி ஓடினால் மேலே மழையோ, சாத்தனூரில் தண்ணீர் திறப்போ இருக்கும். அன்று ஆற்றின் வேகம்தான் கணக்கு, ஓடைக்குள் இறங்காதீர்கள். காற்றும் புயல் சின்னமும் தூரக் கடலிலிருந்து திடீரென வரும் பெரிய அலைகளும் அட்டவணையில் இருக்காது. அதற்கு இன்காய்ஸ் தனியாக எச்சரிக்கை விடுகிறது, கிளம்பும் முன்பு அதையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது என் நாள்காட்டியில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அருகில் வரும் ஞாயிறுகளுக்கு நீல மையில் வட்டம் போட்டிருக்கிறேன். அஷ்டமியை ஒட்டி வரும் ஞாயிறுகளில் கே.ஆர்.பி. அணைக்கரைதான்.