‘வந்திருந்தார்’ என்றால் எப்போதும் ‘ஹாட் கம்’ தானா?

ஒரு கடைக்காரரின் புகார் மனுவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். “நேற்று மாலை ஒருவர் கடைக்கு வந்திருந்தார்” என்ற வரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘ஹாட் கம்’ போட்டேன். சரிபார்த்தவர் ஓரத்தில், “எதற்கு முன்னால்?” என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

நியாயமான கேள்விதான். ஆங்கில ‘ஹாட்’டுக்கு, அதற்குப் பின் நடந்த இன்னொரு இறந்தகாலச் செயல் பக்கத்தில் தேவை. தமிழில் அப்படியில்லை. வந்தார், இருந்தார், போய்விட்டார் என்பதையே ‘வந்திருந்தார்’ சொல்லிவிடும். அதனால் அந்த வரிக்கு வெறும் ‘கேம்’ போதும். “நான் போனபோது அவர் வந்திருந்தார்” என்றால்தான் ‘ஹாட் கம்’.

அடுத்த வரி இன்னும் வம்பு: “ராத்திரி யாரோ பூட்டை உடைத்திருக்கிறார்கள்.” ‘இருக்கிறார்கள்’ நிகழ்காலம் என்று ‘ஹாஸ் ப்ரோக்கன்’ எழுதியிருந்தேன். ‘லாஸ்ட் நைட்’ என்ற சொல்லோடு அது ஆங்கிலத்தில் ஒட்டாது. அதோடு பூட்டை உடைத்ததைக் கடைக்காரர் பார்க்கவில்லை. காலையில் உடைந்த பூட்டைப் பார்த்து ஊகிக்கிறார். அந்த ஊகமும் ‘இருக்கிறார்க’ளுக்குள்தான் இருக்கிறது. ‘மஸ்ட் ஹேவ் ப்ரோக்கன்’ என்று மாற்றினேன். வெறும் ‘ப்ரோக்’ போட்டிருந்தால் அவர் நேரில் பார்த்த சாட்சியாகியிருப்பார்!

இப்போதெல்லாம் ‘இரு’ வந்தால், வாக்கியத்தில் காலச்சொல் உண்டா, சொல்பவர் பார்த்தாரா என்று முதலில் தேடுகிறேன். “மாமா வந்திருக்கிறார்” மாதிரி, காலச்சொல் இல்லாமல் ஆளும் வீட்டிலேயே இருந்தால், பழைய ‘ஹாஸ் கம்’ சரியாகவே இருக்கிறது.