ஸ்க்ரீன் டைம் அலர்ட் வரவில்லையா? பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறான் என்று அர்த்தமில்லை

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் மிச்சமிருந்த பழைய ஐபோன் அவன் கையில். இரவு 9 மணி முதல் காலை 6.30 வரை ஆப்கள் பூட்டிக்கொள்ளும்படி ஐபோனின் ஸ்க்ரீன் டைமில் டவுன்டைம் போட்டு வைத்திருக்கிறாள். "மூணு வாரமாச்சுக்கா, எக்ஸ்ட்ரா டைம் கேட்டு ஒரு அலர்ட்கூட வரல. சொன்னா புரிஞ்சுக்கிறான்" என்றாள், பெருமையாக.

பதினோரு வயதுப் பையன் மூன்று வாரம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் போனை வாங்கி `Settings`, `Family`, அப்புறம் பையன் பெயர், `Screen Time` என்று போய் `See All App & Website Activity`-யைத் திறந்தேன். முந்தின நாளைத் தேர்ந்தெடுத்தால் எந்த மணி நேரத்தில் எவ்வளவு பார்த்தான் என்று பட்டை பட்டையாகக் காட்டும். ஒன்பதிலிருந்து பத்து மணி வரைக்குமான பட்டைதான் அன்றைக்கு இருந்ததிலேயே உயரம். அதில் முக்கால்வாசி யூடியூப்.

காரணம் ஒரே ஒரு சுவிட்ச். டவுன்டைம் பக்கத்தில் `Block at Downtime` என்று ஒன்று இருக்கிறது. அது ஆஃபில் இருந்தால் 9 மணிக்கு மணல்கடிகாரப் படத்தோடு திரை வரும், ஆனால் கீழே `Ignore Limit` என்ற பட்டனும் வரும். அதைத் தொட்டால் ஒரு நிமிடம், பதினைந்து நிமிடத்தில் நினைவூட்டு, இன்றைக்கு முழுக்க விட்டுவிடு என்று மூன்று வழி. பையன் மூன்றாவதைத் தொட்டுவிட்டு நிம்மதியாகப் பார்த்திருக்கிறான். இதில் எதுவும் அம்மாவின் போனுக்குத் தகவல் அனுப்பாது. சுவிட்ச் ஆனில் இருந்தால்தான் அந்த இடத்தில் `Ask For More Time` வரும், அதைத் தொட்டால்தான் உங்களுக்கு அலர்ட் வரும்.

தங்கை ஏமாந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேம்ஸுக்குத் தினம் ஒரு மணி நேரம் என்று `App Limits`-இல் தனியாக ஒரு வரம்பு வைத்திருந்தாள். அதில் `Block at End of Limit` ஆனில்தான் இருந்தது. ஒரு இடத்தில் போட்டால் எல்லா இடத்துக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிட்டாள். இரண்டும் வேறு வேறு, ஒவ்வொரு வரம்புக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அந்த சுவிட்சே கண்ணில் படவில்லை என்றால், ஸ்க்ரீன் டைம் பாஸ்கோடு இன்னும் வைக்கவில்லை என்று பொருள். முதலில் அதை வையுங்கள், சுவிட்ச் தெரியும்.

சரி, சுவிட்சைப் போட்டாயிற்று. அன்று இரவே 9.04-க்கு அலர்ட் வந்தது: யூடியூபுக்கு நேரம் வேண்டுமாம். தங்கை தோசை வார்த்துக்கொண்டே 15 நிமிடம் என்பதைத் தொட்டாள். 9.20-க்கு மறுபடியும். 9.36-க்கு மறுபடியும். நான்காவது தடவை கொடுத்தபோது 9.52 ஆகியிருந்தது. ஆக, ஒரு மணி நேரம் முழுசாகப் போய்விட்டது. ஒரேயடியாக ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் அவள் கொடுத்திருக்கவே மாட்டாள்.

என்னைக் கேட்டால் பெரியவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான். பதினைந்து நிமிடம் என்பது கேட்கச் சின்னதாக இருப்பதால் யோசிக்காமல் கை போய்விடுகிறது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆப்புக்கு அலர்ட் வருகிறதென்றால், தினமும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, நேர அட்டவணையைத்தான் மாற்ற வேண்டும். பையனிடம் விசாரித்ததில் டியூஷன் முடிந்து அவன் வீட்டுக்கு வருவதே 8.15. சாப்பிட்டு முடித்தால் 8.45. பார்க்கக் கிடைப்பது கால் மணி நேரம். டவுன்டைமில் `Customize Days` என்று கொடுத்தால் ஒவ்வொரு கிழமைக்கும் வேறு நேரம் வைக்கலாம். டியூஷன் இருக்கும் மூன்று நாளுக்கு 9.30, வெள்ளி, சனிக்கு 10, மற்ற நாட்களுக்குப் பழைய 9 என்று மாற்றினோம். அதற்கப்புறம் வருகிற அலர்ட்டுக்கு `Don't Approve` என்று தொடுவதற்கு அவளுக்கும் தயக்கமில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: கேட்பது ஒரு ஆப்புக்கு, கொடுப்பதும் அந்த ஆப்புக்கு மட்டும்தான், போன் முழுவதும் திறந்துவிடாது. அலர்ட்டில் ஆப்பின் பெயர் இருக்கும், அதைப் படித்துவிட்டுத் தொடுங்கள். "ஹோம்வொர்க்குக்குத்தான்மா" என்று அறையிலிருந்து குரல் வரும், அலர்ட்டில் வேறு பெயர் இருக்கும். அதோடு, பிளாக் ஆனில் இருந்தாலும் `One More Minute` என்று ஒரு நிமிடம் யாரையும் கேட்காமல் கிடைக்கும். அது கோளாறு இல்லை, நடுவில் இருக்கிற வேலையை முடித்துக்கொள்ளத் தருவது.

இன்னொன்று, பிள்ளை போனை நீட்டி "நீயே போட்டுக் கொடும்மா" என்றால் அதில் பாஸ்கோடைத் தட்டாதீர்கள். நான்கே இலக்கம், பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு இரண்டு தடவை பார்த்தால் போதும். நான் என் மகளிடம் அப்படித்தான் தோற்றேன். என் போனைத் திறக்கிற எண்ணின் முதல் நான்கையே இதற்கும் வைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அனுமதி கொடுப்பதென்றால் உங்கள் போனுக்கு வரும் அலர்ட்டிலிருந்தே கொடுங்கள். அதற்காகத்தானே அது இருக்கிறது.

`Always Allowed` பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். பாட்டி வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார் என்று வாட்ஸ்அப்பை அதில் சேர்த்துவிடுவோம். அதில் இருக்கிற ஆப்புக்கு டவுன்டைம் கிடையாது, அதனால் அலர்ட்டும் கிடையாது. பாட்டியின் அழைப்போடு ஸ்டேட்டஸ், சேனல், வகுப்பு குரூப் எல்லாம் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். யாரிடம் பேசலாம் என்று வரம்பு வைக்கிற `Communication Limits` இருக்கிறதே என்றால், அது ஐபோனின் சொந்த போன், ஃபேஸ்டைம், மெசேஜஸ் ஆகியவற்றுக்குத்தான், வாட்ஸ்அப்பைத் தொடாது. பாட்டிக்குச் சாதாரணக் கால் போதுமே.

அப்பாவின் ஆப்பிள் கணக்கிலேயே பிள்ளையின் ஐபேடும் ஓடுகிற வீடுகளில் இந்த அலர்ட் வேலையே செய்யாது. கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே ஆள் என்றுதான் அதற்குத் தெரியும். `Share Across Devices` ஆனில் இருந்தால் இரவு 9 மணிக்கு அப்பாவின் போனிலும் ஆப்கள் மங்கிவிடும், ஆபீஸ் வேலை நடுவில். குடும்பப் பகிர்வில் பிள்ளைக்கென்று தனிக் கணக்கு தொடங்கி ஐபேடை அதற்கு மாற்றினால்தான் தீரும். உங்களையும் சேர்த்து ஆறு பேர் வரை அதில் இருக்கலாம்.

கடைசியாக, அலர்ட் வந்தும் தெரியாமல் போவது. தங்கை கணவருக்கு இரவு 9 மணிக்கே `Sleep` ஃபோக்கஸ் ஆன் ஆகிவிடும், அவர் போன் சத்தமே போடாது. காலையில் பார்த்தால் வரிசையாக நான்கு கோரிக்கை. குடும்பப் பகிர்வில் இருவருமே பெற்றோராகப் பதிவாகியிருந்தால் இருவருக்கும் அலர்ட் வரும், யார் தொட்டாலும் செல்லும். அம்மா வேண்டாம் என்ற பிறகு பையன் மறுபடி கேட்பான், இந்த முறை அப்பா கண்ணில் முதலில் படும். ஐஓஎஸ் 16-லிருந்து மெசேஜஸ் வழியாகவும் கோரிக்கை வருவதால் அங்கும் ஒரு கண் இருக்கட்டும். அந்த வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு: 9 மணிக்கு மேல் வருவதற்கு அம்மா மட்டும்தான் பதில் சொல்வாள். அப்பா ஃபோக்கஸை மாற்றவில்லை, தூங்கப் போய்விடுகிறார்.