ஒப்பரேஷன் என்றதும் கொழுப்புக் குளிசையை நிறுத்துவதா?

வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிற 62 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இதயத்தில் ஸ்டென்ட் போட்டவர், இரவில் கொழுப்புக் குளிசையான அட்டோர்வஸ்டட்டின் 40 மில்லிகிராம் போடுகிறார். குடலிறக்க ஒப்பரேஷனுக்கு மட்டக்களப்பில் நாள் கொடுத்தாயிற்று. “ரத்தம் இளக்கிற குளிசையை எப்ப நிப்பாட்டுறது எண்டு கேட்டுட்டு வாங்கோ” என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் மகள், எதற்கு வம்பு என்று எல்லாக் குளிசையையும் ஒரு வாரத்துக்கு நிறுத்திவிடுகிறாள்.

தவறு இங்கேதான் தொடங்குகிறது. ரத்தம் இளக்கிறதை நிறுத்துவதா என்பது ரத்தப்போக்கைப் பொறுத்தது, அதை வைத்தியர்தான் சொல்லவேண்டும். கொழுப்புக் குளிசை ரத்தப்போக்கைக் கூட்டாது. கொழுப்பைக் குறைப்பதோடு, ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த படிவு வெடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. ஒப்பரேஷன் முடிந்த முதல் சில நாட்களில்தான் மாரடைப்புப் பயம் கூடுதல். அந்த நேரத்தில் மருந்து உடம்பில் இல்லாமல் போவது நல்லதல்ல. அதனால் ஏற்கெனவே போடுகிறவர் தொடரவேண்டும் என்பதுதான் பொதுவான பரிந்துரை.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் இரவும் வழக்கம்போல் போடலாம். காலையில் போடுகிறவராக இருந்தால், வெறும் வயிறு என்றாலும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கலாமா என்று மயக்க மருந்து வைத்தியரைக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். ஒப்பரேஷன் முடிந்து விழுங்க முடிகிற அன்றிரவே திரும்பத் தொடங்கலாம். இதற்கு ஊசி வடிவம் கிடையாது. வார்டில் மறந்துபோகிற மருந்தும் இதுதான், வீட்டுக்கு விடும் துண்டிலும் விடுபடலாம். கிளினிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காய்ச்சல் வந்தால்? சாதாரணத் தடிமன் காய்ச்சலுக்கு நிறுத்தத் தேவையில்லை. ஆனால் சளிக்காகக் கிளாரித்ரோமைசின் என்ற கிருமிகொல்லி மருந்தை எழுதினால், ‘கொழுப்புக் குளிசை போடுறன்’ என்று சொல்லத்தான் வேண்டும். சிம்வஸ்டட்டின் என்ற கொழுப்புக் குளிசையோடு அதைச் சேர்க்கவே கூடாது. அட்டோர்வஸ்டட்டின் என்றால் டோஸைக் குறைப்பார்கள் அல்லது அந்தச் சில நாட்களுக்கு நிறுத்தச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தால் குளிசையின் அளவு ரத்தத்தில் ஏறி, தசை சிதையலாம்.

எலிக்காய்ச்சலில் கதை வேறு. வயலில் இறங்குகிறவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது என்றால் வீட்டில் இருக்கவேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்பட்டிருக்கலாம், தசை நொதியான சிபிகே-யும் ஏறும். அப்போது கொழுப்புக் குளிசையை வைத்தியர் இடைநிறுத்துவதே வழக்கம். தேநீர் நிறத்தில் சிறுநீர் போனால், அது நோயாலா குளிசையாலா என்று வீட்டில் யாராலும் பிரித்தறிய முடியாது. கடும் வாந்தி வயிற்றோட்டத்தில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறவருக்கும் இதே யோசனைதான்.

அப்படி இடைநிறுத்தினால், எந்த ரத்தப் பரிசோதனை சரியான பிறகு திரும்பத் தொடங்குவது என்பதையும் வீட்டுக்கு விடும்போதே கேட்டு, கொப்பியில் எழுதி வாங்குங்கள்.