கல்லாவை எண்ணிய தாளும் ரொக்கப் புத்தகமும்: 2,800 ரூபாய் குறைவைத் தேடிய முறை

பெருந்துறைப் பக்கம் ஒரு மாட்டுத் தீவனக் கடைக்கு நான் கணக்கு எழுதி வருகிறேன். புண்ணாக்கும் தவிடும் பெரும்பாலும் ரொக்கத்துக்கே விற்பனையாவதால், மாலையில் கல்லாப்பெட்டியை எண்ணிப் புத்தக இருப்போடு ஒப்பிட்ட பிறகே கடையைச் சாத்துவோம். சென்ற மாதம் ஒரு நாள் 2,800 ரூபாய் குறைந்தது. அன்று நான் சென்ற வழியையே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: தாளைப் படித்தல்

டினாமினேஷன் தாளில் நோட்டின் மதிப்பு, எண்ணிக்கை, தொகை என மூன்று பத்திகள் இருக்கும். அடியில் எழுதியிருக்கும் மொத்தத்தை முதலில் பார்க்காமல், ஒவ்வொரு வரியையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அன்றைய தாள் இது:

500 × 143 = 71,500
200 × 36 = 7,200
100 × 212 = 21,200
50 × 47 = 2,350
20 × 65 = 1,300
10 × 88 = 880
நாணயங்கள் = 290
மொத்தம் = 1,04,720

100 ரூபாய் வரியில் உள்ள 212 என்பது, நூறு தாள் கொண்ட இரண்டு கட்டுகளும் உதிரியாகப் பன்னிரண்டும் ஆகும். கட்டு என்று எழுதியிருந்தாலும் அதைப் பிரித்து எண்ணுவதே என் வழக்கம். தாள்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் சாதாரண இயந்திரம், 500 ரூபாய்க் கட்டுக்குள் ஒரு 200 ரூபாய்த் தாள் கலந்திருப்பதைக் காட்டிக் கொடுக்காது. ஆகவே கையால் எண்ணுவதையே நான் நம்புகிறேன். பெருக்கலைச் சரிபார்க்க மட்டும், நாணயங்களையும் தனித்தனி வரியாக எழுதி, கணினியில் மதிப்பை A பத்தியிலும் எண்ணிக்கையை B பத்தியிலும் இட்டு இதைப் பயன்படுத்துகிறேன்:

```
=SUMPRODUCT(A2:A11,B2:B11)
```

இரண்டாம் படி: புத்தக இருப்பு

காலை இருப்பு 86,340, வரவு 65,150, செலவு 43,970 என்ற கணக்கில் புத்தக இருப்பு 1,07,520 ரூபாய் வந்தது. எண்ணிய தொகையைக் காட்டிலும் இது 2,800 ரூபாய் அதிகம். ஒப்பிடும் முன், எண்ணத் தொடங்கிய நேரத்தில் புத்தகத்தின் கடைசிப் பதிவு எது என்பதைத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எண்ணும்போதே ஒரு மூட்டை தவிடு விற்று, அந்தப் பணம் கல்லாவில் விழுந்து பில் மட்டும் பிறகு பதிவானால், இரு பக்கமும் வெவ்வேறு நேரத்தைக் காட்டும்.

மூன்றாம் படி: நான் தடுமாறிய இடம்

இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடும் என்பது கணக்கர்கள் அறிந்த சோதனை. 2,800 அப்படி வகுபடாததால், இலக்கம் மாறிய பிழை இல்லை என்று முடிவு கட்டி, அரை மணி நேரம் நோட்டுகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். கல்லாவின் அடித்தட்டில் சுமைதூக்குபவர் ஒருவர் 1,000 ரூபாய் முன்பணம் வாங்கியதாக எழுதிய கைச்சீட்டு இருந்ததை அதற்குப் பிறகே கண்டேன். கைச்சீட்டு ரொக்கம் ஆகாது. எனவே அது தாளில் வராததில் தவறில்லை. ஆனால் பணம் வெளியே போயிருந்தும், புத்தகத்தில் முன்பணமாகப் பதிவாகவில்லை.

அதைக் கழித்தால் மீதம் 1,800. இது 9ஆல் வகுபடும். இரண்டு பிழைகள் சேர்ந்து கிடந்ததால்தான் சோதனை என்னைத் திசைமாற்றியிருந்தது. ஆகவே சீட்டுகளை முதலில் தீர்த்த பிறகே இந்தச் சோதனைக்குப் போக வேண்டும்.

1,800 என்பது 900இன் இரு மடங்கு. அடுத்தடுத்த இலக்கங்கள் மாறியிருந்தால், ஆயிரத்தின் இலக்கமும் நூறின் இலக்கமும் இரண்டு வேறுபடும் ஒரு தொகையைத் தேட வேண்டும் என்று பொருள். செலவுப் பக்கத்தில் 3,500 ரூபாய் லாரி வாடகை என்று இருந்தது. ரசீதில் 5,300 என்றிருந்தது. இரண்டையும் திருத்தியதும் செலவு 46,770 ஆகி, புத்தக இருப்பு 1,04,720 ஆயிற்று.

இந்தச் சோதனை ஒரு குறிப்பு மட்டுமே, நிரூபணம் அன்று. 500 ரூபாய்த் தாளொன்று 50 ரூபாய் வரியில் எழுதப்பட்டால் 450 ரூபாய் குறையும். அதுவும் 9ஆல் வகுபடும். நான்கு தாள்கள் அப்படி மாறினாலும் இதே 1,800 வரும். ஆகவே ரசீதுகளைப் புரட்டும் முன் அந்த இரு வரிகளையும் ஒரு முறை எண்ணிவிடுங்கள்.

பிற்சேர்க்கை

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர், தம் கடையில் நாள்தோறும் வெவ்வேறு தொகை குறைவதாகவும் இந்தச் சோதனைகள் எதுவும் உதவவில்லை என்றும் எழுதியிருந்தார். அவர் அனுப்பிய வரவுப் பக்கத்தில், யூபிஐ வழியாக வந்த தொகைகளும் ரொக்க வரவாகவே பதிவாகியிருந்தன. அவற்றை வங்கிக் கணக்குக்கு மாற்றியதும் அவருடைய கல்லாவும் புத்தகமும் ஒத்துவந்தன. ஆதலால் தொகை குறைந்தால், ரொக்க வரவுப் பதிவுகளை அன்றைய வங்கி வரவுப் பட்டியலோடும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே தொகை தென்பட்டால் அந்தப் பில்லை எடுத்து, பணம் எந்த வழியில் வந்தது என்று பாருங்கள்.