ஆஸ்துமா வந்தால் மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது? குழந்தைக்குக் கதையாகச் சொல்லும் முறை

நாலு முதல் ஏழு வயதுக் குழந்தைக்கு, படுக்கப்போகும் நேரத்தில் சொல்லும் கதை இது. வீசிங் இல்லாத நாளில்தான் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கும்போது வேண்டியது மருந்து, கதை அப்புறம்.

படி 1: முதலில் நமக்குப் புரியட்டும்

தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, மறுபடி மறுபடி கிளை விட்டு, கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்கள் ஆகிறது. அவற்றைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. ஆஸ்துமா கிளம்பும்போது அந்தத் தசை இறுகுகிறது, குழாயின் உள்சுவர் வீங்குகிறது, கெட்டியான சளி சேர்கிறது.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று: காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் அதிகம் சிரமம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழாய்களும் கொஞ்சம் விரியும். விடும்போது சுருங்கும். அதனால் பழைய காற்று உள்ளேயே தங்கிவிட, புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது. 'விசில்' சத்தம் பெரும்பாலும் மூச்சு விடும்போது கேட்பதும் இதனால்தான். ஆகவே கதையின் சிக்கல் 'வெளியே வர முடியவில்லை' என்பதாக இருக்கட்டும்.

படி 2: வில்லன் வேண்டாம்

நுரையீரலைக் கெட்டது என்றோ பழுதானது என்றோ சொன்னால், குழந்தை தன்னையே அப்படி நினைத்துக்கொள்ளும். உண்மையில் நடப்பது அளவுக்கு மீறிய பாதுகாப்பு. குழாய்ச் சுவரில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள், சாதாரண தூசியை எதிரி என்று நினைத்து அலறுகின்றன. கதையில் அவர்கள் நல்ல மனசுள்ள, ரொம்பப் பயந்த காவல்காரர்கள்.

கதையில் மூச்சு முட்டுவது பகலில் நடக்கட்டும். ஆஸ்துமா இரவில் கூடுவது உண்டு. ராத்திரியில் நடப்பதாகச் சொன்னால் பிள்ளை விளக்கை அணைத்தபின் தன் நெஞ்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடக்கும்.

படி 3: வரிசை மாறாமல் சொல்லுங்கள்

இப்படி ஆரம்பிக்கலாம்:

"பூபூன்னு ஒரு குட்டிக் காத்து இருந்துச்சாம். ஒரு நாள் மத்தியானம் கவினோட மூக்கு வழியா உள்ள போச்சு. பெரிய குழாய், சின்ன குழாய், அதைவிடச் சின்ன குழாய்... அப்போ பூபூ கால்ல ஒட்டியிருந்த தூசியைக் காவல்காரங்க பாத்துட்டாங்க. 'ஐயோ எதிரி! கதவை மூடு!'ன்னு கத்தினாங்க. குழாயைச் சுத்தி இருந்த பட்டை இறுகிடுச்சு. சுவர் உப்பிடுச்சு. தரையெல்லாம் பிசுபிசுன்னு சளி. பூபூ வெளிய வரப் பாத்துச்சு. வழி ரொம்பச் சின்னது! நெருக்கிக்கிட்டு வந்தப்போ 'வீ...ஈ...ஈ'ன்னு சத்தம். கவின் ஓடிப்போய், 'அம்மா, நெஞ்சு இறுக்குது'ன்னான்."

கவின் தானே போய்ச் சொல்லும் அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பல பிள்ளைகள் விளையாட்டு நின்றுவிடுமே என்று மறைப்பார்கள்.

படி 4: மருந்து வரும் காட்சி

கவினுக்குத் தருவது சால்பியூட்டமால் இன்ஹேலர், அதோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையுடன். நன்றாகக் குலுக்கி, ஒரு தடவை அழுத்தி, நிதானமாக ஐந்தாறு மூச்சு. இந்த மூச்சுகளைக் குழந்தையோடு சேர்ந்து எண்ணுங்கள். கதையோடு பழக்கமும் வந்துவிடும். எத்தனை தடவை அழுத்துவது என்பதற்கு உங்கள் மருத்துவர் எழுதித் தந்ததே கணக்கு.

சில நிமிடங்களில் பட்டை தளர்கிறது, பூபூ வெளியே ஓடி வருகிறது. ஆனால் வீக்கம் உடனே வடிந்தது என்று சொல்லிவிடாதீர்கள். இந்த மருந்து தசையைத்தான் தளர்த்தும்; வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர், அதுவும் மெதுவாக. "காவல்காரங்களை அமைதியாக்க தினமும் ஒருத்தர் வந்து பேசுவார்" என்று ஒரு வரி சேர்த்தால், நன்றாக இருக்கும் நாளிலும் ஏன் மருந்து என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

படி 5: முடிவு

"அப்புறம் அது வரவே இல்லை" என்று முடிக்காதீர்கள். அடுத்த முறை வந்தால் கதை பொய்யாகிவிடும். 'மறுபடி வந்தால் கவினுக்கு என்ன செய்யணும்னு தெரியும்' என்பது போதும்.

"கதவு முழுசா மூடிட்டா?" என்று கேட்பார்கள். "மருந்து கேக்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம். அங்க இன்னும் பலமான மருந்து இருக்கு" என்பது நேர்மையான பதில்.

கதையில் சொல்லாமல் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது: விசில் சத்தம் நின்றும் குழந்தை திணறினால் அது குணமானதன் அடையாளம் இல்லை, காற்று சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். ஒரு வாக்கியம் பேச முடியாமை, விலா இடுக்கு உள்வாங்குதல், உதடு நீலமாதல் இவற்றில் எது தெரிந்தாலும் இன்ஹேலரைக் கொடுத்தபடியே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மறுநாள் கதையைக் குழந்தையையே சொல்லச் சொல்லுங்கள். "தூசி குழாய்ல மாட்டிக்கிச்சு" என்று சொன்னால் கதை சரியாகப் போய்ச் சேரவில்லை. காவல்காரர்கள் வரும் இடத்தை மட்டும் மறுபடி சொல்லுங்கள்.