ஃபிளாட் ஸ்டைல் முகப்படத்தில் கண்ணாடி: நேராக்கக் கூடாத கோடு

மைனஸ் பவர் கண்ணாடி போட்ட ஒருவரின் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெற்றியோரத்திலிருந்து இறங்கி வரும் முகக்கோடு, லென்ஸுக்குள் நுழைந்ததும் மூக்குப் பக்கமாக ஒரு படி உள்ளே தள்ளிப் போகும். பிரேமுக்குக் கீழே வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ட்ரேஸ் செய்யும்போது பலரும் இதைப் பிசிறு என்று நினைத்து நேராக்கிவிடுகிறார்கள். நானும் பல காலம் அப்படித்தான் செய்தேன். அதன்பின் முகத்தில் இருப்பது கண்ணாடி இல்லை, வெறும் கம்பி வளையம்.

எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பவர் மைனஸ் 6 என்று வைப்போம். லென்ஸின் நடுவிலிருந்து 2.5 செ.மீ. தள்ளிய இடத்தில், ஒளி ஒரு மீட்டருக்கு 15 செ.மீ. வீதம் விலகும். முகத்தின் ஓரம் லென்ஸுக்கு 3 செ.மீ. பின்னால் இருந்தால் விலகல் சுமார் 4.5 மி.மீ. 14 செ.மீ. அகல முகத்தை 700 பிக்சலில் வரைகிறீர்கள் என்றால், அது ஏறக்குறைய 22 பிக்சல். கண்ணில் படாமல் போகிற அளவு இல்லை. அப்படித் தள்ளியதும் கோட்டுக்கும் பிரேமுக்கும் நடுவே ஒரு சின்னப் பிறை கிடைக்கும். அதில் தோல் நிறத்தை நிரப்பாதீர்கள். அங்கே தெரிவது பின்னணியோ முடியோதான். பிளஸ் பவருக்கு எல்லாம் தலைகீழ்: கோடு வெளியே தள்ளும், கண் பெரிதாகும்.

அடுத்தது பிரதிபலிப்பு. ஒரு லென்ஸை வரைந்து, அதை அப்படியே இடம்வலம் திருப்பி இன்னொன்றாக வைப்பது வழக்கம். பிரேமுக்கு அது சரி. ஆனால் வெளிச்சமும் சேர்ந்து திரும்பிவிடும். ஜன்னல் படத்தின் இடப்பக்கம் இருந்தால், இரண்டு லென்ஸிலும் வெளிச்சம் இடப்பக்கமாகவே விழ வேண்டும். அதனால் பிரதிபலிப்பைத் தனி லேயரில் வைத்து, திருப்பாமல் நகலெடுத்து, லென்ஸ் வடிவத்துக்குள் கிளிப்பிங் மாஸ்க் போடுங்கள். 20 சதவீத ஒப்பாசிட்டி போதும். கருவிழியின் மேல் ஓடவிடாதீர்கள், பார்வை மங்கிவிடும். அப்புறம், கோட்டிங் போட்ட லென்ஸில் பிரதிபலிப்பு பெரும்பாலும் லேசான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். வெள்ளையில் அந்தச் சாயல் துளி கலந்தாலே படம் மாறிவிடுகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ரிம்லெஸ் கண்ணாடிக்குச் சுற்றிலும் ஒரே தடிமனில் கருங்கோடு இழுக்க வேண்டாம். மைனஸ் லென்ஸ் ஓரத்தில்தான் தடிமன். காதுப் பக்கம் கொஞ்சம் அகலமான வெளிர்பட்டையும், மூக்குப் பக்கம் மெல்லிய கோடும் போதும்.

முடித்ததும் பிரேம் லேயரை மட்டும் மறைத்துப் பாருங்கள். அங்கே லென்ஸ் இருப்பது அப்போதும் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் முதலில் அந்த முகக்கோட்டைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.